ஒரு நேரத்தில் ஒரு மாறி

கோவை ஒன்றின் மிகக் குறைந்த மதிப்பைத் தேட எளிய வழி உண்டு. மற்ற மாறிகளைத் தொடாமல் ஒன்றை மட்டும் சரிசெய்துவிட்டு, அடுத்ததற்குப் போக வேண்டும். இதன் பெயர் கோஆர்டினேட் டிசென்ட்.

`f = x² + y² − 1.98xy` என்பதைப் பார்ப்போம். x, y இரண்டும் 0 ஆகும்போதுதான் இதன் மதிப்பு மிகக் குறைவு. இரண்டையும் 1 என வைத்துத் தொடங்குவோம். y அசையாமல் இருக்க, x-க்குச் சிறந்த மதிப்பு y-யின் 0.99 மடங்கு. ஆகவே x 0.99 ஆகிறது; அடுத்து y 0.9801. இப்படியே போனால் இரண்டும் 0.01-க்கு இறங்க 460 படிகள் ஆகும். 1.98-க்குப் பதில் 0.2 இருந்தால் மூன்றே படிகள் போதும்!

காரணம், x-உம் y-உம் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்திருப்பதுதான். பள்ளத்தாக்கு குறுக்காக, ஒடுங்கலாக நீள்கிறது. நாமோ கிழக்கு மேற்காகவோ வடக்கு தெற்காகவோ மட்டுமே நடக்கிறோம். இரண்டடி வைப்பதற்குள் சுவர் தடுக்கிறது.

இங்கே ஓர் ஆபத்தும் உண்டு. மாற்றம் 0.02-க்குக் கீழே போனால் நிறுத்தலாம் என்று விதி வைத்தால், கணினி முதல் படியிலேயே நின்றுவிடும். இலக்கோ வெகுதூரத்தில் இருக்கும்.

`u = x + y`, `v = x − y` என்று மாற்றிப் பாருங்கள். கோவை `0.005u² + 0.995v²` ஆகிவிடும், பிணைப்பே இல்லை. இரண்டு படிகளில் வேலை முடிந்தது.