சின்ன முள்ளை முதலில் படிக்கட்டும்!

"பாட்டி, மணி நாலேமுக்கால்!" என்று கூடத்திலிருந்து குரல் கொடுத்தான் என் ஆறு வயதுப் பேரன். அரக்கோணத்துக்குப் புறப்பட்டு நின்ற அவன் தாத்தா, "அடடா, ரயில் போயிருக்குமே!" என்று செருப்பைக் கழற்றிவிட்டார். நான் போய்ப் பார்த்தால் மணி மூன்றேமுக்கால்தான்! அவசர அவசரமாக அவரைத் திருவாலங்காடு ஸ்டேஷனுக்கு அனுப்பி வைத்தேன்.

பையன் மேல் குற்றமில்லை. மூன்றேமுக்காலுக்குச் சின்ன முள் நாலை ஒட்டித்தானே நிற்கிறது? பக்கத்தில் இருந்த எண்ணைப் படித்துவிட்டான்.

அன்று சாயங்காலமே ஒரு காகிதக் கடிகாரம் செய்தேன். அட்டையில் தட்டைக் கவிழ்த்து வட்டம் போட்டேன். முதலில் 12, 6, 3, 9 எழுதிக்கொண்டு, பிறகு ஒவ்வொரு இடைவெளியிலும் இரண்டிரண்டு எண்களை நிரப்பினால் கோணலாகாது. சின்ன முள் சிவப்பு, பெரிய முள் நீலம். முன்னும் பின்னும் சட்டைப் பட்டன் வைத்து நூலால் கோத்தேன்.

முதல் வாரம் நீல முள்ளை மாட்டவே இல்லை. சிவப்பு முள்ளை 3-க்கும் 4-க்கும் நடுவே வைத்து, "நாலைத் தொடுகிற வரைக்கும் இது மூணோட வீட்டிலேதான் இருக்கு" என்றேன்.

பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, ஏழு சீட்டுகளில் படம் வரைந்தோம். எழுந்திருப்பது 6, குளியல் 7, பள்ளிக்கூடம் 9, சாப்பாடு பன்னிரண்டரை, விளையாட்டு 4, விளக்கேற்றுவது 6, படுக்கை எட்டரை. அந்தந்த வேளையில் சீட்டை எடுத்துப் போய்ச் சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிடுவான். "ஏன் பாட்டி, ரெண்டு ஆறு?" என்று கேட்டான். சீட்டுகளை வரிசையாக அடுக்கி, முள்ளைத் திருப்பிக்கொண்டே வந்தேன். விளக்குச் சீட்டு வருவதற்குள் முள் ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டதை அவனே கண்டுகொண்டான்.

அடுத்த வாரம் நீல முள். இங்கேதான் நாமே தப்புச் செய்கிறோம். காகிதக் கடிகாரத்தில் முட்கள் தனித்தனியாகத் திரும்பும். நீல முள்ளை 6-ல் வைத்துவிட்டு, சிவப்பை 3-க்கு நேராகவே விட்டுவிட்டால், அப்படி ஒரு மணி நிஜக் கடிகாரத்தில் கிடையாது! அரை என்றால் சிவப்பு நடுவிலும், முக்கால் என்றால் 4-ஐ நெருங்கியும் நிற்க வேண்டும்.

நம் தமிழ் இதற்குக் கைகொடுக்கிறது, பாருங்கள். மூன்றேகால், மூன்றரை, மூன்றேமுக்கால் எல்லாவற்றிலும் கடந்துபோன மூன்றுதான் முன்னால் நிற்கிறது. அதனால் முதலில் சிவப்பு, அப்புறம்தான் நீலம் என்று படிக்கச் சொன்னேன். ஐந்தைந்தாகத் தடங்கலின்றி எண்ணத் தெரிந்த பிறகு நிமிஷக் கணக்கு போதும்.

புரிந்ததா என்று பார்க்க, நீங்கள் வைத்துக் காட்டிக் கேட்காதீர்கள். "ஏழேமுக்கால் வை" என்று குழந்தையிடம் கொடுங்கள். சிவப்பு முள் சரியாக 7-லோ, 8-ஐத் தாண்டியோ நின்றால், இன்னும் இரண்டு நாள் நீல முள்ளைக் கழற்றி வையுங்கள்.

போன வாரம் தாத்தா மறுபடி அரக்கோணம் கிளம்பினார். "சின்ன முள் மூணோட வீட்டிலே. மூணேமுக்கால்!" என்றான் பேரன். தாத்தா நிதானமாகவே நடந்து போனார்.