நூற்று நான்கில் நம்முடையது எது?

2017 பிப்ரவரி 15 காலை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய பி.எஸ்.எல்.வி.-சி37 ராக்கெட், அரை மணி நேரத்துக்குள் 104 செயற்கைக்கோள்களைச் சுமார் 505 கிலோமீட்டர் உயரத்தில் விட்டுவிட்டது. அவற்றில் 714 கிலோ எடையுள்ள கார்டோசாட்-2டி ஒன்றுதான் பெரியது. மீதி 103-ம் சேர்ந்தே 664 கிலோதான். சாதனை பற்றிப் பத்திரிகைகள் நிறையவே எழுதின. ஆனால் இப்படிக் கூட்டமாக ஏவும்போதெல்லாம் சிறிய செயற்கைக்கோளின் சொந்தக்காரர்களுக்கு அன்று மாலையே ஒரு கவலை பிடித்துக்கொள்ளும். இத்தனையில் நம்முடையது எது?

அமெரிக்க ராணுவத்தின் ரேடார்கள் வானில் சுற்றும் பொருள்களைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றின் சுற்றுப்பாதையையும் இரண்டு வரி எண்களாக வெளியிடுகின்றன. டி.எல்.இ. என்று இதைச் சொல்வார்கள். தரைநிலையத்தின் ஆன்டெனா எந்த நேரத்தில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை இதை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். சிக்கல் என்னவென்றால், இந்த இடத்தில் ஒரு பொருள் போகிறது என்று மட்டுமே ரேடார் சொல்லும். அதன் பெயரைச் சொல்லாது. பெயரைக் கண்டுபிடிக்க அந்தப் பொருளே பேச வேண்டும், அதுவும் நமக்குக் கேட்கும் நேரத்தில்.

அந்த நேரம் மிகக் குறைவு. 505 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோள் நொடிக்கு 7.6 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி, 95 நிமிடத்துக்குள் பூமியை ஒரு சுற்று சுற்றிவிடுகிறது. சென்னையில் ஒரு கல்லூரி மாடியில் ஆன்டெனா இருப்பதாக வைத்துக்கொள்வோம். (அண்ணா பல்கலைக்கழகம் 2009-ல் அனுசாட்டை ஏவியபோது குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் இப்படி ஒரு நிலையம் இயங்கியது.) நேர் தலைக்கு மேலே கடந்தால்கூட, ஓர் அடிவானத்தில் எழுந்து எதிர் அடிவானத்தில் மறைய அதற்குப் பதினொன்றரை நிமிடம்தான் ஆகும். அடிவானத்தை ஒட்டிக் கட்டடமும் மரமும் மறைக்கும். பத்து டிகிரிக்கு மேலே ஏறிய பிறகுதான் சமிக்ஞை தெளிவாகக் கிடைக்கும் என்றால், மிஞ்சுவது ஏழு நிமிடத்துக்குச் சற்று அதிகம். துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் இத்தகைய செயற்கைக்கோள் நாளொன்றுக்குப் பதினைந்து சுற்றுச் சுற்றினாலும், சென்னைக்குத் தெரிவது காலையில் இரண்டு, இரவில் இரண்டு என நான்கு கடப்புகள்தான். அவற்றிலும் பாதி, அடிவானத்தை உரசிக்கொண்டு போய்விடும். வட துருவத்தை ஒட்டியுள்ள நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவில் ஆன்டெனாக்கள் குவிந்திருப்பதன் காரணம் இதுதான். அங்கிருந்து பார்த்தால் ஏறக்குறைய ஒவ்வொரு சுற்றும் தெரியும்.

கிடைக்கிற சில நிமிடங்களிலும் சமிக்ஞை ஓரிடத்தில் நிற்பதில்லை. செயற்கைக்கோள் 437 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒலிபரப்புகிறது என்போம். அது நம்மை நோக்கி வரும்போது, ஒவ்வோர் அலையும் முந்தைய அலையைவிடச் சற்று அருகிலிருந்து புறப்படுகிறது. அதனால் அலைகள் நெருங்கி வந்து சேர்ந்து, அதிர்வெண் கூடுகிறது. விலகிப் போகும்போது குறைகிறது. ரயில் கடந்து போகும்போது அதன் ஹார்ன் ஒலி இறங்குவதும் இந்த டாப்ளர் விளைவுதான். நம் கணக்கில், அடிவானத்தில் எழும்போது சமிக்ஞை 437.010-க்கு அருகில் கேட்கும், மறையும்போது 436.990-க்கு இறங்கியிருக்கும். மொத்தம் 20 கிலோஹெர்ட்ஸ் சரிவு. மோர்ஸ் சமிக்ஞை கேட்கிற ரிசீவரின் வடிகட்டி சில நூறு ஹெர்ட்ஸ் அகலமே கொண்டது. அதிர்வெண்ணைத் தொடர்ந்து திருத்தாவிட்டால் சில நொடிகளிலேயே சமிக்ஞை கைநழுவிவிடும். கட்டளை அனுப்பும்போது திருத்தம் தலைகீழாக வேண்டும். செயற்கைக்கோள் நெருங்கி வரும்போது நாம் குறைத்து அனுப்பினால்தான் அங்கே சரியான அதிர்வெண்ணில் போய்ச் சேரும்.

இந்தத் தொல்லையே அடையாளம் காட்டும் கருவியாகவும் ஆகிறது. நேரத்தைக் கிடையிலும் அதிர்வெண்ணை நெடுக்கிலும் வைத்து வரைந்தால், மேலே படுத்த மாதிரி தொடங்கி, நடுவில் செங்குத்தாக விழுந்து, கீழே மறுபடி படுக்கிற ஒரு வளைவு வரும். அதிர்வெண் மிக வேகமாக விழுகிற நொடியில்தான் செயற்கைக்கோள் நமக்கு மிக அருகில் இருக்கிறது. எவ்வளவு அருகில் என்பதை அந்தச் சரிவின் செங்குத்து சொல்லும். நேர் தலைக்கு மேலே, 505 கிலோமீட்டரில் கடந்தால் நொடிக்குச் சுமார் 155 ஹெர்ட்ஸ் விழும். பக்கவாட்டில் 1,500 கிலோமீட்டர் தள்ளிக் கடந்தால் நொடிக்கு ஐம்பதுதான்.

இதை முதலில் சாதித்துக் காட்டியவர்கள் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வகத்தைச் சேர்ந்த வில்லியம் கையர், ஜார்ஜ் வைஃபன்பாக் என்ற இருவர். 1957 அக்டோபர் 4-ல் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவிய சில நாள்களிலேயே அதன் 20 மெகாஹெர்ட்ஸ் ஒலியை டேப்பில் பதிந்து, வளைவிலிருந்தே சுற்றுப்பாதையைக் கணக்கிட்டார்கள். சுற்றுப்பாதை ஏற்கெனவே தெரிந்தால் கேட்பவரின் இடத்தைக் கண்டுபிடிக்கலாமே என்று அவர்களின் மேலதிகாரி ஃபிராங்க் மெக்ளூர் அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டார். டிரான்சிட் என்ற கடற்படை வழிகாட்டித் திட்டம் அதிலிருந்து பிறந்தது.

கல்லூரி மாடிக்குத் திரும்புவோம். பட்டியலில் உள்ள ஒவ்வொரு பொருளின் டி.எல்.இ.-யிலிருந்தும் வர வேண்டிய வளைவை முன்கூட்டியே வரைந்து, பதிவான வளைவின் மேல் வைத்துப் பார்க்கிறார்கள். அச்சாகப் பொருந்துவது அபூர்வம். ஆனால் பொருந்தாத விதத்திலேயே காரணம் தெரிந்துவிடும். வளைவு முழுவதும் ஒரே அளவு மேலேயோ கீழேயோ தள்ளியிருந்தால், செயற்கைக்கோளில் அதிர்வெண்ணை உண்டாக்கும் படிகம் குளிரிலோ வெப்பத்திலோ பிசகியிருக்கிறது. அது பெரிய விஷயமில்லை. ஓரங்களில் சரியாக இருந்து நடுவில் மட்டும் விலகினால், தவறு நேரத்தில். ஐந்து நொடி பிசகினாலே நடுவில் 750 ஹெர்ட்ஸுக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும். அப்போது முதலில் சந்தேகிக்க வேண்டியது தரைநிலையக் கணினியின் கடிகாரத்தை. கடிகாரம் சரி என்றால், நாம் எடுத்த டி.எல்.இ. வேறொருவருடையது.

முதல் நாளில் இந்தச் சோதனை பெரும்பாலும் பலிக்காது. அடுத்தடுத்து விடப்பட்டவை சில நொடி இடைவெளியில் ஒரே பாதையில் போவதால் எல்லா வளைவுகளும் ஒன்றாகவே தெரியும். பொறுமைதான் வழி. முன்னும் பின்னுமாகத் தள்ளப்பட்டதில் இரண்டுக்கு இடையே நொடிக்கு ஒரு மீட்டர் வேக வேறுபாடு இருந்தால் போதும், ஒரு நாளில் சுமார் 250 கிலோமீட்டர் பிரிந்துவிடும். வேடிக்கை என்னவென்றால், முன்னோக்கித் தள்ளப்பட்டதுதான் பின்தங்கும். கூடுதல் வேகம் அதைச் சற்றுப் பெரிய சுற்றுப்பாதைக்கு ஏற்றிவிடுவதால் ஒரு சுற்றுக்கு அதிக நேரம் பிடிக்கிறது. 250 கிலோமீட்டர் என்றால் அரை நிமிட இடைவெளி. அதற்குள் வளைவுகள் கிலோஹெர்ட்ஸ் கணக்கில் விலகியிருக்கும், எது யாருடையது என்று கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம்.

ஒன்றை மட்டும் ஒரே கடப்பின் வளைவு எளிதில் சொல்லாது. செயற்கைக்கோள் நமக்குக் கிழக்கே போனதா, மேற்கே போனதா என்பதே அது. இரண்டு பக்கத்துக்கும் வளைவு ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும், பூமியின் சுழற்சியால் சிறு வித்தியாசம் மட்டுமே வரும். ஒலி பலமாகக் கேட்டபோது ஆன்டெனா எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று குறித்து வைத்திருந்தால் பிரச்சினை தீர்ந்தது. குறிக்கவில்லையென்றால், ஒன்றரை மணி நேரம் கழித்து வரும் அடுத்த கடப்புக்குக் காத்திருக்க வேண்டும்.