சுங்குடிப் புள்ளியும் ஆனையூர் வழக்கும்

சென்ற மாதம் ஆனையூரில் இரண்டு அண்டை வீட்டாரிடையே ஒரு புடவையைப் பற்றி விவாதம் எழுந்தது. சங்க வேலையாக அப்பக்கம் சென்றிருந்த நான் அதைக் கேட்க நேர்ந்தது. அவ்விவாதம் தீர்ந்த விதம் நம் அங்கத்தினர்களில் நெசவாளருக்கும் பூ பயிரிடுவோருக்கும் பயன்படும் என்று கருதி, அதனை இங்கு விளக்கி எழுதுகிறேன்.

கிழக்கு வீட்டு அம்மையார் அலங்காநல்லூர் செல்லும் பக்கத்தில் சிறிதளவு நிலத்தில் மல்லிகை பயிரிடுகிறார். மேற்கு வீட்டு அம்மையார் நெசவாளர் குடும்பத்தவர், வயதில் இளையவர். மூத்தவர் தம் மகளின் வளைகாப்புக்கு ஒரு மதுரைச் சுங்குடிப் புடவை வேண்டுமென்று கேட்க, இளையவர் முடிச்சுப் போடும் பெண்களிடம் சொல்லி ஒன்றைத் தருவித்துக் கொடுத்தார். விலை 2,600 ரூபாய். முன்பணம் 1,000 ரூபாய். மீதியைக் கேட்டபோதுதான் தகராறு மூண்டது.

"தங்கச்சி, இது அசல் சுங்குடி அன்று. புள்ளி ஒன்று பெரிதாக இருக்கிறது, ஒன்று சிறிதாக இருக்கிறது. நடுவிலே கறை வேறு பட்டிருக்கிறது. கோயம்புத்தூரில் என் அக்காள் 850 ரூபாய்க்கு வாங்கிய சுங்குடியைப் பார். அத்தனை புள்ளியும் முத்துக் கோத்தாற்போல் ஒரே அளவு!" என்றார் மூத்தவர்.

"அக்கா, நீங்கள் குறை என்று சொல்லுவதுதான் அதன் அடையாளம். கையால் கட்டிய முடிச்சு எப்படி ஒரே அளவாக இருக்கும்?" என்றார் இளையவர்.

மீதி 1,600 ரூபாய் முடிச்சுப் போட்ட பெண்களுக்குச் சேரவேண்டிய கூலி. அது நின்றதால் இளையவருக்கு அவர்கள் முகத்தில் விழிக்க முடியவில்லை. ஏமாற்றப்பட்டோம் என்ற எண்ணம் மூத்தவருக்கும் உறுத்திற்று. பல வருஷத்துப் பழக்கம் முறிந்துவிடும் நிலையில் இருந்தது. இரண்டு புடவைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்றால் ஒன்று கோயம்புத்தூரில் இருக்கிறது. ஆகவே இரண்டையும் கைப்பேசியில் படம் எடுத்து ஒப்பிடுவதென்று முடிவாயிற்று.

படத்தில் எதைப் பார்ப்பது என்று தெரிய வேண்டுமானால், புள்ளி எவ்வாறு உண்டாகிறது என்பதை முதலில் அறிய வேண்டும். மெல்லிய பருத்தித் துணியில் புள்ளி வரவேண்டிய இடங்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வோர் இடத்திலும் துணியை நுனி விரலால் சிறிது கிள்ளித் தூக்கி, அதன் கழுத்தில் நூலை இறுகச் சுற்றி முடிச்சிடுகிறார்கள். பிறகு துணி முழுவதையும் சாயத்தில் தோய்க்கிறார்கள். நூல் இறுகியுள்ள இடத்தில் சாயம் ஏறுவதில்லை. காய்ந்தபின் முடிச்சை அவிழ்த்தால் அங்கே வெண்மையான வளையம் நிற்கும். கிள்ளிய துணியின் நுனி நூலுக்கு வெளியே சற்று நீட்டிக்கொண்டிருந்தால் அந்த நுனியில் மட்டும் சாயம் ஏறி, வளையத்தின் நடுவே பொட்டுப்போல் நிற்கும். மூத்தவர் கறை என்று எண்ணியது இந்தப் பொட்டைத்தான்.

இந்த வேலையின் அளவை ஒரு கணக்கால் உணரலாம். ஐந்தரை மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் உள்ள புடவையில், இரண்டரை சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் உடல் முழுவதும் வைத்தால், நீளவாட்டில் 220, அகலவாட்டில் 48. ஆக 10,560 புள்ளிகள். இத்தனையையும் ஒரே அளவாகக் கிள்ளும் கை உலகில் இல்லை.

இனி, மலிவான வழிகள் இரண்டு. ஒன்று, சாயப் பசையைத் துணியின் மேற்புறத்தில் சட்டத்தின் வழியாகத் தேய்த்து அச்சிடுவது. இதில் முன்பக்கம் அழுத்தமாகவும் பின்பக்கம் வெளிறியும் இருப்பது வழக்கம். மற்றொன்று மெழுகு அச்சு. உருக்கிய மெழுகில் அச்சுக்கட்டையைத் தோய்த்துத் துணியில் வரிசையாகப் பதித்து, சாயத்தில் இட்டு, பிறகு வெந்நீரில் மெழுகை நீக்குவார்கள். இது மதுரையிலும் வழங்கும் முறையே. மெழுகு அச்சிலும் துணி முழுவதும் சாயத்தில் தோய்வதால், இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே நிறமாக இருக்கும். ஆகையால் "புடவையைத் திருப்பிப் பார், பின்பக்கம் வெளிறியிருந்தால் போலி" என்னும் பழகிய சோதனை மெழுகு அச்சைக் கண்டுபிடிக்க உதவாது. இதை நினைவில் இருத்துவது நலம்.

படம் எடுப்பதற்குச் சில ஏற்பாடுகள் செய்துகொண்டோம். புடவையைக் காலை வெயில் பக்கவாட்டில் விழும் ஜன்னலோரம் விரித்தோம். கைப்பேசியின் விளக்கைப் போடவில்லை. அந்த வெளிச்சம் நேராக விழுந்து துணியின் சுருக்கங்களை மறைத்துவிடும். அளவு தெரியும்பொருட்டு ஒரு ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வைத்தோம். ஓர் இடத்தில் குண்டூசி குத்தி, அதே இடத்தை முன்புறமும் பின்புறமும் எடுத்தோம். பிறகு இரண்டு சாண் அகலம் அடங்கும்படி ஒரு படம். விலைச்சீட்டு, விவரச்சீட்டு ஆகியவற்றுக்கு ஒரு படம். கோயம்புத்தூர் அக்காளும் இவ்வாறே எடுத்து அனுப்பும்படி கேட்டுக்கொண்டோம். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி நுட்பம் அழிந்துபோகும். ஆகவே ஆவணமாக அனுப்பச் சொன்னோம்.

படங்கள் வந்தன. முதலில் பின்புறத்தைப் பார்த்தார்கள். கோயம்புத்தூர்ப் புடவையிலும் இரு பக்கமும் ஒரே நிறம். "பார்த்தாயா, இதுவும் அசல்தான்!" என்றார் மூத்தவர். இளையவருக்குப் பதில் சொல்லத் தோன்றவில்லை. வழக்கு அங்கேயே நின்றிருக்கக்கூடும்.

பிறகு இரண்டு சாண் அகலப் படத்தை விரித்து நோக்கினோம். அதில் ஒரு புள்ளி மட்டும் இடப்பக்கம் சற்றே உடைந்து பிறைபோல் இருந்தது. மூத்தவரே அதைச் சுட்டிக்காட்டினார். வலப்புறமாகப் பார்த்துக்கொண்டு போனால், எட்டுப் புள்ளிகள் தள்ளி அதே பிறை. மறுபடியும் எட்டுப் புள்ளிகள் தள்ளி அதே பிறை. மூன்றிலும் உடைந்த பக்கம் ஒன்றே. அச்சுக்கட்டையில் ஒரு முனை தேய்ந்திருந்தால், அது பதியும் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் அதே குறை விழும். விரல் செய்யும் பிழை அவ்வாறு எண்ணி எண்ணித் திரும்பி வருவதில்லை. அப்படத்தில் சில இடங்களில் மயிரிழை போன்ற நிறக்கோடுகள் புள்ளிகளைக் குறுக்கே வெட்டியிருந்தன. மெழுகு வெடித்த பிளவில் சாயம் புகுந்ததன் சுவடு அது.

ஆனையூர்ப் புடவையின் படத்தில் எந்தப் புள்ளியும் மற்றொன்றின் பிரதியாக இல்லை. வளையங்களின் ஓரம் வெட்டினாற்போல் இன்றி மெல்ல மங்கிற்று. பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒவ்வொரு புள்ளியும் சிறு கொப்புளம்போல் மேலெழும்பி நிழல் விட்டிருந்தது. முடிச்சு இறுகியிருந்த இடத்தில் துணி அவ்வாறு நிற்கும். அழுத்திப் பெட்டி போட்டால் அது மறைந்துவிடும்.

கடைசியாகக் கோயம்புத்தூர்ப் புடவையின் விவரச்சீட்டைப் படித்தோம். அதில் "சுங்குடி டிசைன்" என்றே அச்சிட்டிருந்தது. மதுரை என்ற பெயரும் இல்லை, முடிச்சு என்ற சொல்லும் இல்லை. விற்றவர் பொய் சொல்லவில்லை. வாங்கியவர் சீட்டைப் படிக்கவில்லை. 850 ரூபாய்க்கு அது நல்ல புடவையே என்பதை இளையவரும் ஒப்புக்கொண்டார்.

இந்தத் தீர்ப்பின் எல்லையையும் கூறிவிட வேண்டும். புள்ளி கையால் முடிச்சிட்டதா என்பதை மட்டுமே படம் சொல்லிற்று. அது எங்கே முடிச்சிட்டது என்பதைப் படம் சொல்லாது. குஜராத்திலும் ராஜஸ்தானத்திலும் செய்யும் பாந்தினித் துணியிலும் இதே முறையில் முடிச்சிடுகிறார்கள்; அங்கும் வளையமும் பொட்டும் உண்டு. மேலும், அசல் புடவையைப் படம் பிடித்து அதையே கணிப்பொறி வழியாகத் துணியில் அச்சிடுவதும் இப்போது கூடும். அதில் ஒழுங்கற்ற புள்ளிகளே காணப்படும். குறை திரும்பி வரும் இடைவெளியும் நீண்டிருக்கலாம். அத்தகையதற்குப் பின்புறத்தைத் திருப்பிப் பார்ப்பதும் விரலால் தடவிப் பார்ப்பதுமே துணை.

பெயரின் உரிமை வேறு விஷயம். "மதுரைச் சுங்குடி" என்பது தனியொருவர் வைத்த வியாபாரப் பெயர் அன்று. ஓர் ஊரின் தொழிலுக்குரிய பெயர். 1999ஆம் வருஷத்துப் புவிசார் குறியீட்டுச் சட்டம் 2003இல் நடைமுறைக்கு வந்தபின், இப்பெயர் 2005இல் பதிவாயிற்று. அவ்வுரிமையை அறிய வேண்டுமானால் விற்பவர் அப்பதிவின் கீழ் அனுமதி பெற்ற உபயோகிப்பாளரா என்று கேட்க வேண்டும்; ரசீதில் பொருளின் முழுப்பெயரை எழுதி வாங்க வேண்டும். 2006இல் ஏற்பட்ட கைத்தறி முத்திரையைக் கண்டு சிலர் திருப்தியடைந்துவிடுகிறார்கள். துணி கைத்தறியில் நெய்தது என்பதற்கே அது சாட்சி. அதன்மேல் உள்ள புள்ளி முடிச்சா, அச்சா என்பதற்கு அது சாட்சியாகாது.

இதை நான் சொன்னபோது இளையவர் மூத்தவரைப் பார்த்து, "அக்கா, வேறு ஊர்ப் பூவைக் கொண்டுவந்து மதுரை மல்லி என்று விற்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்?" என்றார். மதுரை மல்லிக்கும் 2013இல் இதே பதிவு கிடைத்திருக்கிறது. மூத்தவர் சிரித்துவிட்டு, "பூவை மோந்து பார்த்துச் சொல்லுவேன், தங்கச்சி. புடவைக்குத்தான் மூக்கு உதவவில்லை," என்றார்.

மாலைக்குள் 1,600 ரூபாய் மேற்கு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தப் படங்களை அழித்துவிட வேண்டாம் என்று இளையவரிடம் கேட்டுக்கொண்டேன். இனி முடிச்சுப் புடவை விற்கும்போதெல்லாம் நாணயம் வைத்து எடுத்த முன்புற, பின்புறப் படங்களை ரசீதோடு கொடுத்துவிடுவதாக அவர் சொல்லியிருக்கிறார். நம் சங்கங்களும் அவ்வாறே செய்யலாம். அதற்குக் காகிதச் செலவுகூட இல்லை. விவாதம் எழுந்தால் காட்டுவதற்கு ஒரு சாட்சியம் கையில் இருக்கும்.