மனைவியின் கம்பெனி டெண்டர் போட்டால்

மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மேசை, நாற்காலி வாங்க டெண்டர் விடுகிறார்கள். கொள்முதல் பிரிவு ஊழியரின் மனைவி வேலை பார்க்கும் கம்பெனியும் அதில் போட்டியிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 1964ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணி நடத்தை விதிகளில் 4ஆம் விதி இதற்கு வழி சொல்கிறது: அவர் அந்த விஷயத்தைக் கையாளக் கூடாது, மேலதிகாரிக்கு அனுப்பிவிட வேண்டும்.

வாய்ச்சொல்லாக விடாமல், தேதியிட்டு எழுதித் தருவதே நல்லது.

"ஐயா, இந்த டெண்டரில் பங்கேற்கும் நிறுவனத்தில் என் மனைவி மூன்று ஆண்டுகளாகக் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறார். அவருக்கு அங்கே பங்கு எதுவும் இல்லை. விலைப்புள்ளிகள் இன்னும் திறக்கப்படவில்லை. மதிப்பீட்டுக் குழுவில் எனக்குப் பதிலாக வேறொருவரை நியமிக்கவும், கோப்பு என்னிடம் வராமலிருக்கவும் உத்தரவிடக் கோருகிறேன்."

இவ்வளவு போதும். தன் நேர்மையைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம். மேலதிகாரி எடைபோட வேண்டியது உறவை, குணத்தை அல்ல.

நேரம்தான் முக்கியம். விலைப்புள்ளியைப் பார்த்த பிறகு விலகினால் சந்தேகம் தீராது. டெண்டர் நிபந்தனைகளை எழுதியவரும் அவரே என்றால், அதையும் சொல்லியாக வேண்டும். அவை அந்தக் கம்பெனிக்குச் சாதகமாக இருக்கின்றனவா என்று வேறொருவர் சரிபார்க்க வேண்டியிருக்கும்.