பாஸ்வேர்ட் மாற்றினாலும் போகாத அனுமதி

உங்கள் பெயரில் நீங்கள் எழுதாத செய்தி ஒன்று வெளியாகிறது. என்ன செய்வீர்கள்? உடனே பாஸ்வேர்டை மாற்றுவீர்கள். என் நண்பர் ஒருவர் மூன்று முறை மாற்றினார். அப்படியும் அவருடைய எக்ஸ் (பழைய ட்விட்டர்) அக்கவுண்டில் விளம்பரங்கள் வந்துகொண்டே இருந்தன. யாரும் அவருடைய பாஸ்வேர்டைத் திருடவில்லை. எப்போதோ அவரே அனுமதி கொடுத்த ஒரு ஆப்தான் அவற்றை அனுப்பிக்கொண்டிருந்தது.

டோக்கன் என்னும் சீட்டு

"உங்களை யார் அன்ஃபாலோ செய்தார்கள்?" என்று காட்டும் ஒரு தளத்திற்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அது உங்களை எக்ஸ் தளத்திற்கு அனுப்பும். அங்கே அந்த ஆப் என்னென்ன செய்யலாம் என்ற பட்டியலும், கீழே Authorize app என்ற பட்டனும் இருக்கும். அதைக் க்ளிக் செய்தவுடன் எக்ஸ், டோக்கன் என்ற நீண்ட எழுத்துக் கோவை ஒன்றை அந்த ஆப்பிற்குக் கொடுக்கிறது. இந்த முறைக்கு ஓஆத் என்று பெயர்.

முன்பெல்லாம் இத்தகைய ஆப்களுக்கு நம் பாஸ்வேர்டையே கொடுக்க வேண்டியிருந்தது. 2010 ஆகஸ்ட் மாதத்துடன் ட்விட்டர் அதை நிறுத்திவிட்டது. இது நல்ல மாற்றம்தான். ஆனால் டோக்கன் வேறு, பாஸ்வேர்ட் வேறு. பாஸ்வேர்டை மாற்றினாலும் ஏற்கெனவே கொடுத்த டோக்கன் செல்லும். மொபைலுக்கு ஓடிபி வரும்படி செய்திருந்தாலும் பயனில்லை. டோக்கனுடன் வரும் ஆப்பிடம் ஓடிபி கேட்கப்படுவதில்லை. எக்ஸின் பழைய வகை டோக்கன்களுக்குக் காலாவதித் தேதியும் கிடையாது. நீங்கள் அந்த ஆப்பை மறந்து ஐந்து ஆண்டுகள் ஆனாலும் டோக்கன் அதன் சர்வரில் இருக்கும்.

2017-ல் நடந்தது

இத்தகைய ஆப்களுக்கு புரோகிராம் எழுதும்போது, எல்லாப் பயனாளர்களின் டோக்கன்களையும் ஒரே டேட்டாபேஸில்தான் நாங்கள் வைப்போம். அந்த சர்வருக்குள் ஒருவர் நுழைந்துவிட்டால் என்ன ஆகும்?

2017 மார்ச் 15 அன்று ஃபோர்ப்ஸ் பத்திரிகை, ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் உள்பட பல அக்கவுண்டுகளில் ஸ்வஸ்திகா சின்னத்துடன் துருக்கி மொழிச் செய்திகள் வெளியாயின. இந்த அக்கவுண்டுகளின் பாஸ்வேர்டுகள் திருடப்படவில்லை. ஃபாலோயர் எண்ணிக்கையைக் கணக்கிட்டுக் காட்டும் ட்விட்டர் கவுண்ட்டர் என்ற ஆப்பின் வழியாகவே அந்தச் செய்திகள் போயின. எண்ணிக்கையைப் பார்ப்பதற்காக இணைத்த ஆப்பிடம், செய்தி வெளியிடும் அனுமதியும் இருந்தது. அதுதான் வினையாயிற்று.

எப்படி நீக்குவது?

கம்ப்யூட்டரில் எக்ஸ் தளத்தைத் திறந்து, More மெனுவில் Settings and privacy செல்லுங்கள். அதில் Security and account access, பிறகு Apps and sessions, பிறகு Connected apps என்று வரிசையாகக் க்ளிக் செய்யுங்கள். நீங்கள் அனுமதி கொடுத்த ஆப்களின் பட்டியல் தெரியும். ஒவ்வொன்றையும் க்ளிக் செய்து, அதற்கு என்ன அனுமதி இருக்கிறது என்று பாருங்கள்.

அனுமதி மூன்று வகை. படிக்க மட்டும்; படிக்கவும் எழுதவும்; இவற்றுடன் உங்கள் தனிச் செய்திகளைப் பார்க்கவும் அனுப்பவும். செய்யும் வேலைக்கு மேல் அனுமதி வைத்திருக்கும் ஆப்தான் முதலில் நீக்க வேண்டியது. எண்ணிக்கை காட்டும் ஆப்பிற்கு எழுதும் அனுமதி எதற்கு? அடுத்து, பெயரே நினைவில் இல்லாதவற்றை நீக்குங்கள். Revoke app permissions என்பதைக் க்ளிக் செய்தால் போதும், டோக்கன் செல்லாமல் போய்விடும். தவறுதலாக வேண்டிய ஆப்பை நீக்கிவிட்டாலும் கவலை இல்லை. அடுத்த முறை அது மீண்டும் அனுமதி கேட்கும்.

உங்களுக்குத் தெரியாமல் செய்திகள் வெளியாகிக்கொண்டிருந்தால், முதலில் இங்கே சந்தேகமான ஆப்களை நீக்குங்கள். பிறகு பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் ஒரு கதவு திறந்தே இருக்கும்.

ஃபேஸ்புக்கில் Settings பகுதியில் Apps and websites என்பதைத் தேடுங்கள். ஆப்பின் அருகில் Remove இருக்கும். அப்போது, அந்த ஆப் உங்கள் பெயரில் வெளியிட்டவற்றையும் சேர்த்து அழிக்கலாமா என்று ஃபேஸ்புக் கேட்கும். வேண்டுமானால் டிக் செய்துகொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். அனுமதியை நீக்கினால் இனிமேல் எடுப்பதுதான் நிற்கும். அந்த ஆப் ஏற்கெனவே எடுத்துத் தன் சர்வரில் வைத்துக்கொண்ட பெயர், இ-மெயில் முகவரி போன்றவை அங்கேயே இருக்கும். அவற்றை அழிக்கச் சொல்லி அந்த நிறுவனத்திற்கே எழுத வேண்டும். ஆகவே, நீக்குவதற்கு முன் ஆப்பின் பெயரையும் அதன் தள முகவரியையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நீக்கிய பிறகு எக்ஸின் பட்டியலில் அந்தப் பெயர் இருக்காது.