ஃபோர்டு காருக்கு இனி பார்ட்ஸ் கிடைக்குமா?

2021 செப்டம்பர் 9 அன்று, இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்தப்போவதாக ஃபோர்டு அறிவித்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் மறைமலை நகர் ஆலையிலிருந்து கடைசி ஈகோஸ்போர்ட் வெளியே வந்தது. அப்போது நாட்டில் 10 லட்சம் வாடிக்கையாளர்களுக்கு மேல் இருந்தார்கள். டெல்லி, சென்னை, மும்பை, சனந்த், கொல்கத்தா ஆகிய ஊர்களில் உதிரிபாகக் கிடங்குகள் தொடரும், சர்வீஸும் உண்டு என்று கம்பெனி சொன்னது. ஆனாலும் ஃபோர்டு வைத்திருக்கும் எவரையாவது கல்யாண வீட்டில் பார்த்தால், பந்தியில் உட்காருவதற்குள் "பார்ட்ஸ் கிடைக்குதா?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள்.

எந்த பார்ட்ஸ் என்று திருப்பிக் கேட்டால்தான் இதற்குச் சரியான பதில் சொல்ல முடியும்.

ஆயில் ஃபில்டர், பிரேக் பேட், கிளட்ச், பேரிங், வைப்பர் பற்றி யாரும் தூக்கம் கெடத் தேவையில்லை. இவற்றைக் கார் கம்பெனி எந்த நாளிலும் தானே செய்ததில்லை. செய்து கொடுத்த நிறுவனங்கள் அதே பொருளைத் தங்கள் சொந்தப் பெயரிலும் பெட்டியில் போட்டு விற்கின்றன. ஆண்டுக்கொரு முறை ஃபில்டர் மாற்ற வேண்டிய வண்டிகள் லட்சக்கணக்கில் ஓடும்வரை அவர்களுக்கு இது நல்ல வியாபாரம். சென்னை ஜி.பி. ரோட்டில் வண்டியின் பெயரையும் ஆண்டையும் சொன்னால் போதும்.

எஞ்சினின் உள் பாகங்களுக்கு வேறொரு பாதுகாப்பு உண்டு. அதே எஞ்சின் வேறு எங்காவது ஓடுகிறதா என்பதுதான் அது. 2017-ல் இந்தியச் சந்தையைவிட்டுப் போன செவர்லேயை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் செயில் டீசல் காரில் இருந்தது ஃபியட்டின் 1.3 மல்டிஜெட். ஸ்விஃப்ட் டீசலிலும் டிசையரிலும் இருப்பது அதே குடும்பத்து எஞ்சின். அதனால் எந்த ஊர் மெக்கானிக்கும் அதைப் பிரிக்கப் பயப்படுவதில்லை. ஆனால் அதே செயிலின் ஹெட்லைட் செயிலுக்கு மட்டும்தான் பொருந்தும். ஃபோர்டிலும் இப்படித்தான். எண்டெவர் வெளிநாடுகளில் எவரெஸ்ட் என்ற பெயரில் தாய்லாந்து ஆலையிலிருந்து போகிறது. ஈகோஸ்போர்ட் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்ற வண்டி. ஆஸ்பயருக்கு அந்த அளவு உலகச் சொந்தபந்தம் கிடையாது.

உண்மையான தொல்லை வெளித்தோற்றத்தில்தான் இருக்கிறது. ஹெட்லைட், பம்பர், ஃபெண்டர், டிக்கி கதவு, டேஷ்போர்டு இவையெல்லாம் அந்த மாடலுக்கென்றே செய்த அச்சில் வார்த்தவை. அச்சு பெரும்பாலும் கார் கம்பெனியின் சொத்து. அது உட்கார்ந்திருக்கும் இடமோ உதிரிபாகம் செய்யும் ஆலை. கார் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் தினமும் அந்த அச்சு மெஷினில் ஏறியது. கார் நின்றபின் அது கொட்டகைக்குப் போய்விடும். ஆர்டர் சேர்ந்தால்தான் அதை எடுத்து, துடைத்து, மெஷினில் ஏற்றி, சில நூறு உருப்படிகள் ஓட்டி மீண்டும் ஓரங்கட்டுவார்கள். இருபது ஹெட்லைட்டுக்காக யாரும் மெஷினை நிறுத்தி அச்சை மாற்ற மாட்டார்கள். அதனால்தான் கவுன்ட்டரில் "பேக் ஆர்டர்ல இருக்கு சார்" என்ற பதில் வருகிறது. பொருள் இல்லாமல் போய்விடவில்லை, அடுத்த தடவை அச்சு ஏறும்வரை காத்திருக்கச் சொல்கிறார்கள். செலவு குறைந்த எண்ணிக்கையின் தலையில் விழுவதால் விலையும் ஏறும்.

"இல்லை" என்ற பதிலை அப்படியே நம்பிவிடவும் வேண்டாம். ஃபோர்டு பார்ட் நம்பர் மூன்று துண்டாக இருக்கும். முதல் துண்டு எந்த வண்டிக்காக வடிவமைத்தது என்று சொல்லும். நடுத்துண்டு பொருளின் பெயர் மாதிரி: 6731 என்றால் ஆயில் ஃபில்டர், 9601 என்றால் ஏர் ஃபில்டர். கடைசி எழுத்துகள் திருத்தத்தைக் குறிக்கும். வடிவத்தில் சின்ன மாற்றம் செய்தால் அந்த எழுத்து மாறும், பழைய நம்பரில் ஸ்டாக் பூஜ்யமாகக் காட்டும். பழைய நம்பருக்குப் பதிலாக வந்த புது நம்பர் என்ன என்று கவுன்ட்டரில் கேட்க வேண்டும். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் புதுப்பேட்டைக்கு ஓடி, கழட்டின லைட்டைக் கூடுதல் விலைக்கு வாங்கி வருகிறவர்கள் உண்டு.

புதுப்பேட்டையில் கதவு, கண்ணாடி, லைட் வாங்கலாம், தப்பில்லை. ஏர்பேக் கன்ட்ரோல் பெட்டி போன்றவற்றை அங்கே வாங்குவது வேறு கதை. அந்தப் பெட்டிக்குள் பழைய வண்டியின் அடையாளமும் அது பட்ட அடியின் பதிவும் இருக்கும். உங்கள் வண்டிக்கு அதைப் பழக்க கம்பெனியின் கண்டறியும் கருவியோ, விவரம் தெரிந்தவர்கள் லேப்டாப்பில் வைத்திருக்கும் FORScan போன்ற மென்பொருளோ வேண்டும். மாட்டியபின் டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு அணையவில்லை என்றால் மோதலில் பை விரியும் என்று நம்பி ஓட்டக் கூடாது.

இன்ஷூரன்ஸில் இது எப்படிக் கடிக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பழைய ஈகோஸ்போர்ட் ஒன்றின் காப்பீட்டு மதிப்பு ரூ. 3,50,000 என்று வைத்துக்கொள்வோம். பழுதுச் செலவு அந்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால், அதாவது ரூ. 2,62,500-ஐத் தாண்டினால், வண்டியை முழு நஷ்டமாகக் கணக்கெழுதி முடித்துவிடுவார்கள். வயதாக ஆக வண்டியின் மதிப்பு இறங்குகிறது, பார்ட்ஸ் விலை ஏறுகிறது. முன்பக்கம் ஓரளவு பலமாக இடித்து, இரண்டு ஏர்பேக் விரிந்து, லைட், ரேடியேட்டர், பானட் போனால் எஸ்டிமேட் அந்தக் கோட்டைத் தொட்டுவிடும். எஞ்சின் நன்றாக ஓடும் வண்டி காயலான் கடைக்குப் போவது பல சமயம் இப்படித்தான்.

சர்வீஸ் விஷயத்தில் எனக்குக் கவலை வேறு. டீலர் ஷோரூமை மூடினால் அங்கே பயிற்சி பெற்ற மெக்கானிக்குகள் தனியாகக் கடை போடுகிறார்கள். அது நல்லது. அப்படி ஒருவர் இல்லாத ஊரில்தான் ஆபத்து. 2017-க்குப் பிறகு வந்த ஈகோஸ்போர்ட் பெட்ரோலின் மூன்று சிலிண்டர் எஞ்சினில் டைமிங் பெல்ட் ஆயிலில் நனைந்தபடியே ஓடும். பழக்கமில்லாத ஒர்க்‌ஷாப்பில் டிரம்மில் இருக்கும் ஏதோ ஒரு ஆயிலை ஊற்றினால் பெல்ட் ரப்பர் ஊறி உதிரும். அந்தத் துகள் ஆயில் பம்பின் வடிகட்டியை அடைக்கும், எஞ்சினுக்கு ஆயில் போகாது. ஆயில் பிரஷர் விளக்கு மினுக்கினால் அங்கேயே ஓரமாக நிறுத்திவிட வேண்டும். கையேட்டில் எழுதியிருக்கும் ஆயில் எண்ணைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அதே எண் டப்பாவில் இருக்கிறதா என்று பார்த்தபின்தான் ஊற்ற விட வேண்டும்.

2024 செப்டம்பரில் மறைமலை நகர் ஆலையை ஏற்றுமதிக்காக மீண்டும் பயன்படுத்த விரும்புவதாக ஃபோர்டு தமிழக அரசுக்கு விருப்பக் கடிதம் கொடுத்தது. நம் வாசலில் நிற்கும் ஃபிகோவின் டெயில் லைட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இப்போது செகண்ட்ஸில் ஃபோர்டு மலிவாக வருகிறது, ஓட்டவும் நன்றாக இருக்கிறது. வாங்க நினைப்பவர்கள் டெஸ்ட் டிரைவுக்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். அந்த வண்டியின் சேஸிஸ் நம்பரைப் பார்ட்ஸ் கவுன்ட்டரில் கொடுத்து, இடது ஹெட்லைட், முன் பம்பர் இரண்டுக்கும் விலை என்ன, எத்தனை நாளில் வரும் என்று கேளுங்கள். ஒரு வாரம் என்றால் வாங்கலாம். தேதியே சொல்ல மறுத்தால் வேறு மாடல் பாருங்கள்.