80ஆம் ஆண்டு ரூபாய்க்கு இன்று என்ன விலை?

குருக்கள்மடத்துத் துறையில் நின்றால் மட்டக்களப்பு வாவிக்கு அப்பால் அம்பிளாந்துறை கண்ணுக்கெட்டும் தூரத்தில்தான் தெரியும். போய்ச் சேர வேண்டுமானால் பாதையில் ஏற வேண்டும். மிதவைமேல் அமைத்த தட்டையான தளத்தைத்தான் எங்கள் பக்கத்தில் பாதை என்கிறோம். ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும் நெருக்கியடித்து ஏறுவார்கள். காற்றோ வெள்ளமோ மிஞ்சினால் பாதை ஓடாது. அப்போது தெற்கே பட்டிருப்புப் பாலத்தையோ வடக்கே மண்முனைப் பாலத்தையோ சுற்றித்தான் அக்கரையான படுவான்கரைக்குப் போக முடியும். மண்முனையிலும் 2014இல் பாலம் திறக்கும்வரை பாதைதான் ஓடியது.

இங்கேயும் ஒரு பாலம் வேண்டும் என்று யாரும் கேட்கலாம். திட்டக் கணக்குப் போடுபவரோ வேறொன்று கேட்பார்: வருங்கால நன்மையை எந்தக் கழிவு வீதத்தில் இன்றைய பெறுமதிக்குக் கொண்டுவருவது? பாலத்தின் தலைவிதியைப் பெரும்பாலும் இந்தக் கேள்விதான் தீர்மானிக்கிறது. ஊர்க் கூட்டங்களில் அதை யாரும் எழுப்புவதில்லை என்பதுதான் எனக்குக் கவலை.

பாலம் நெடுங்காலம் நிற்கும் பொருள். 1920களில் கட்டிய கல்லடிப் பாலம், 2013இல் பக்கத்திலே புதுப்பாலம் திறக்கும்வரை 80 ஆண்டுகளுக்கு மேல் மட்டக்களப்பின் வாகனங்களைச் சுமந்தது. அதன் 80ஆம் ஆண்டில் அந்தப் பாலத்தால் ஒரு இலட்சம் ரூபாய் நன்மை கிடைத்தது என்று வையுங்கள். கட்டிய ஆண்டிலிருந்து பார்த்தால் அதற்கு என்ன பெறுமதி?

ஆசிய அபிவிருத்தி வங்கி தன் திட்டங்களுக்கு வைத்திருக்கும் பொதுவான அளவுகோல் 9 வீதம். அந்த வீதத்தில் அந்த ஒரு இலட்சம் ஏறக்குறைய 100 ரூபாயாகச் சுருங்கிவிடும். சமூக நலத் திட்டங்களுக்கும் சுற்றுச்சூழல் திட்டங்களுக்கும் அதே வங்கி இடம்தரும் 6 வீதத்தில் 945 ரூபாய். 3 வீதத்தில் 9,400 ரூபாய். 2 வீதத்தில் 20,500 ரூபாய்.

3க்கும் 2க்கும் இடையே ஒரே ஒரு வீதந்தான் வித்தியாசம். ஐந்தாம் ஆண்டு நன்மையில் அது நூற்றுக்கு 5 அளவே மாற்றும், யாரும் கவனிக்க மாட்டார்கள். 80ஆம் ஆண்டு நன்மையையோ இரண்டு மடங்குக்கு மேல் உயர்த்திவிடுகிறது. ஆண்டுக்கு ஆண்டு வகுத்துக்கொண்டே போவதால் ஒரு சிறு வேறுபாடு 80 முறை தன்மேல் தானே ஏறிக்கொள்கிறது. தூரம் கூடக் கூட வீதத்தின் கை ஓங்குகிறது.

கணக்கில் அடிக்கடி நடக்கும் ஒரு தவறையும் இங்கே சொல்ல வேண்டும். 2022 கடைசியில் இலங்கைத் திறைசேரி உண்டியல் வட்டி 30 வீதத்தைத் தாண்டி நின்றது. அந்த ஆண்டு செப்டெம்பரில் பணவீக்கம் ஏறக்குறைய 70 வீதம். நன்மைகளை இன்றைய விலையில் எழுதிவிட்டு அவற்றைச் சந்தை வட்டியால் கழித்தால், பணவீக்கத்தை ஒரு பக்கம் மட்டும் சேர்த்தவர்களாகிறோம். பத்தாண்டுக்கு அப்பால் எதற்கும் பெறுமதி மிஞ்சாது. ஒரு அறிக்கையில் 20ஆம் ஆண்டுக்குப் பிறகான நன்மைகள் எல்லாம் சுழியத்தை ஒட்டிக் கிடந்தால், முதலில் இந்தத் தவறைத்தான் தேட வேண்டும்.

சரி, எந்த வீதம்தான் சரி? 80 ஆண்டு கழித்து இந்த நாட்டின் வளர்ச்சி எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. 2022இல் ஒரே ஆண்டில் பொருளாதாரம் 7 வீதத்துக்கு மேல் சுருங்கிய நாடு இது. அமெரிக்கப் பொருளியலாளர் மார்ட்டின் வைட்ஸ்மன் 1998இல் காட்டிய வழி இந்தத் தெரியாமையையே பிடித்துக்கொள்கிறது. வீதம் 1 ஆகவும் இருக்கலாம், 7 ஆகவும் இருக்கலாம், இரண்டுக்கும் சம வாய்ப்பு என்று கொள்வோம். சராசரி 4 தானே என்று அதில் கழித்தால் நமது ஒரு இலட்சம் 4,300 ரூபாய் ஆகும். வைட்ஸ்மன் சராசரியாக்கச் சொல்வது வீதங்களை அல்ல, அவை தரும் பெறுமதிகளை. 1 வீதத்தில் 45,100 ரூபாய், 7 வீதத்தில் 446 ரூபாய். சராசரி 22,800 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. ஐந்து மடங்குக்கு மேல் வித்தியாசம்!

காரணம் எளிது. 7 வீத உலகில் 80ஆம் ஆண்டின் பணம் அநேகமாக அழிந்துவிட்டது. மிஞ்சி நிற்பது 1 வீத உலகின் பெறுமதி மட்டுமே. ஆகவே காலம் போகப் போக அந்தச் சராசரிக்கு ஈடான வீதம் கீழே இறங்குகிறது. 10ஆம் ஆண்டில் அது 3.5 வீதம். 80ஆம் ஆண்டில் 1.9 வீதத்துக்குக் கீழே. 200ஆம் ஆண்டில் 1.35 வீதத்தை ஒட்டி வந்துவிடும். பிரித்தானியத் திறைசேரி தன் பச்சைப் புத்தகத்தில் 2003 முதல் இப்படித்தான் படி வைத்திருக்கிறது: முதல் 30 ஆண்டுக்கு 3.5 வீதம், 75ஆம் ஆண்டுவரை 3, 125வரை 2.5, அதற்கப்பால் இன்னும் இறக்கம். இது எல்லோரும் ஒப்பிய முடிவு அல்ல. வருங்காலப் பெறுமதியில் நின்று கணக்குப் போட்டால் வீதம் ஏறத்தான் வேண்டும் என்று பெல்ஜியப் பொருளியலாளர் கிறிஸ்தியான் கொலியே எதிர்வாதம் வைத்தார். பின்னர் இருவரும் சேர்ந்தே 2010இல் அந்த முடிச்சை அவிழ்த்தார்கள். நீண்ட காலத்துக்கு வீதம் இறங்குவதே சரி என்பதுதான் அவர்கள் வந்து சேர்ந்த இடம்.

இப்போது நம் துறைக்கு வருவோம். இவை நான் கணக்குக்காக வைக்கும் எண்கள்தான், யாருடைய மதிப்பீடும் அல்ல. பாலம் கட்ட 350 கோடி ரூபாய், பராமரிப்புப் போக ஆண்டுக்கு 20 கோடி நன்மை, ஆயுள் 100 ஆண்டு. 9 வீதத்தில் நன்மைகளின் இற்றைப் பெறுமதி 222 கோடி. திட்டம் அங்கேயே முடிந்தது. 6 வீதத்தில் 332 கோடி. இன்னும் 18 கோடி துண்டு விழுகிறது. முதல் 30 ஆண்டுக்கு 6, பின்னர் 4 என்று இறக்கினால், முதல் 30 ஆண்டின் 275 கோடி அப்படியே நிற்கும். பின் 70 ஆண்டின் பங்கு 57 கோடியிலிருந்து 81 கோடிக்கு மேல் ஏறும். மொத்தம் கிட்டத்தட்ட 357 கோடி. பாலம் தேறிவிட்டது.

இங்கேயே நிறுத்தி மகிழ்ந்தால் அது நேர்மையான கணக்கு ஆகாது. வாவியில் பாலம் என்றால் இரு கரையிலும் அணுகுவீதிக்கு மண் நிரப்புவார்கள். நீளமாக நிரப்பி வாவியின் நீர்வழியை ஒடுக்கினால் நீரோட்டம் தடைப்படும், வண்டல் படியும், மாரி வெள்ளம் வடிய நாளெடுக்கும், மீன்பிடியும் கரையோரக் கண்டல் காடும் தேயும். இவை உடனே தெரியா. 31ஆம் ஆண்டிலிருந்து ஆண்டுக்கு 2 கோடி இழப்பு என்று மட்டும் சேர்த்துப் பாருங்கள். அசையாத 6 வீதத்தில் அது 6 கோடிக்குள் அடங்கும். இறங்கும் வீதத்தில் 8 கோடியைத் தாண்டும். மொத்தம் 349 கோடிக்குக் கீழே வந்து, தேறிய பாலம் மறுபடி தேறாமல் போகிறது. இறங்கும் வீதம் தூரத்து நன்மையை மட்டும் பெரிதாக்குவதில்லை, தூரத்துச் சேதத்தையும் அதே அளவில் பெரிதாக்குகிறது. நன்மைக்கு ஒரு வீதம், சேதத்துக்கு வேறொரு வீதம் என்று எடுத்த அறிக்கையை நம்பக்கூடாது.

ஆனால் அதே கணக்குத்தான் வழியையும் காட்டுகிறது. அந்த இழப்பு முழுவதும் மண் அணையால் வருவது. நிரப்பும் நீளத்தைக் குறைத்துத் தூண்களின்மேல் கூடுதல் கண்கள் விட்டு நீரைப் போகவிட்டால் இழப்பு நீங்கும். அதற்காகும் மேலதிகச் செலவு 6 கோடிக்குள் நின்றால் பாலம் தேறும். அசையாத 9 வீதத்தில் இந்த மாற்றத்தைக் கேட்கவே முடியாது: அங்கே அந்த 70 ஆண்டு இழப்பு முழுவதற்கும் பெறுமதி 2 கோடிகூட இல்லை, எந்தப் பொறியியலாளரும் அதற்காகத் தூண் கூட்டமாட்டார். குருக்கள்மடத்திலோ அம்பிளாந்துறையிலோ சாத்தியவள அறிக்கை ஒன்று கைக்கு வந்தால், நான் முதலில் புரட்டுவது பாலத்தின் படம் உள்ள பக்கத்தை அல்ல. அணுகுவீதியின் நீளத்தையும் கழிவு வீதத்தையும் சொல்லும் இரண்டு வரிகளைத்தான்.